பழைய கேள்விகள், சொந்தத் திருத்தம், நகராத பேண்ட் 6

வெண்பனி:
ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். ரீடிங், லிசனிங் இரண்டிலும் 7.5 வருகிறது. ரைட்டிங் மட்டும் பேண்ட் 6-லேயே நிற்கிறது. எனக்குத் தேவை 7. பழைய டாஸ்க் 2 கட்டுரைக் கேள்விகளை எடுத்து 40 நிமிடத்தில் எழுதி, ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வைத்து நானே திருத்துகிறேன். எல்லாவற்றுக்கும் டிக் விழுகிறது. இப்படித் திருத்துவதில் பயன் உண்டா, இல்லை நேரம்தான் வீணா?

நெடுவழி:
வீண்தான். எந்த ஆங்கிலத்தில் எழுதினீர்களோ, அதே ஆங்கிலத்தை வைத்துத்தான் திருத்துகிறீர்கள். தப்பு என்று தெரிந்திருந்தால் எழுதும்போதே விட்டிருப்பீர்களே? நல்ல ஆசிரியர் ஒருவரிடம் நாலு கட்டுரை கொடுங்கள். நீங்களே திருத்தும் நாற்பது கட்டுரையைவிட அது மேல்.

கடலோடி:
பழைய கேள்விகள் கண்டிப்பாகப் பயன்படும். எனக்கு வந்த கேள்வி நான் ஏற்கெனவே பார்த்த ஒன்றைப் போலவே இருந்தது. நல்ல மாதிரி விடைகளாகப் பார்த்து மனப்பாடம் செய்துவிடுங்கள். எனக்கு 6.5 வந்தது.

அகல்:
கடலோடி, அவர் கேட்டது கேள்வி திரும்ப வருமா என்று இல்லை, தானே திருத்தலாமா என்று. அப்புறம், தலைப்பு ஒத்துப்போகும், கேட்கும் விஷயம் மாறியிருக்கும். மனப்பாட விடை அங்கேதான் ஆளைக் கவிழ்க்கும். பாடம் செய்த வாக்கியங்கள் நடுவில் தனியாகத் துருத்திக்கொண்டும் நிற்கும். பரிசோதகர்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள்.

வெண்பனி, உங்கள் பட்டியலில் என்னென்ன கேள்விகள் இருக்கின்றன? கடைசியாக எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரு வரியாக எழுதிப் போடுங்கள்.

வெண்பனி:
பட்டியலில் இருப்பவை: 250 சொல்லைத் தாண்டிவிட்டதா, என் நிலைப்பாடு தெளிவா, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மையக் கருத்து உண்டா, இணைப்புச் சொற்கள் உண்டா, கூட்டு வாக்கியங்கள் உண்டா.

கேள்வி: நகர மையங்களில் தனியார் கார்களைத் தடை செய்வது மட்டுமே போக்குவரத்து நெரிசலுக்குத் தீர்வு, இந்தக் கருத்தை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?
முன்னுரை: முழுக்க ஏற்கிறேன்.
பத்தி 1: கார் இல்லாவிட்டால் சாலையில் இடம் கிடைக்கும், பேருந்து வேகமாகப் போகும்.
பத்தி 2: காற்று மாசு குறையும், மக்கள் உடல்நலம் மேம்படும்.
முடிவுரை: தடை தேவை, அதோடு அரசு பொதுப் போக்குவரத்தையும் பெருக்க வேண்டும்.

அகல்:
கேள்வியையும் இந்த நாலு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வியின் உயிர் 'மட்டுமே' என்ற சொல்லில் இருக்கிறது. உங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை. தடை நல்லதா என்ற வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. இரண்டாம் பத்தியில் நெரிசலே இல்லை, மாசு பேசப்படுகிறது. முன்னுரை முழுக்க ஏற்கிறேன் என்கிறது. முடிவுரையோ பொதுப் போக்குவரத்தும் வேண்டும் என்கிறது. அதுவும் வேண்டும் என்றால் தடை ஒன்றே தீர்வு என்பது விழுந்துவிடுகிறதே. பேண்ட் 7 கேட்பது கட்டுரை முழுவதும் மாறாத தெளிவான நிலைப்பாடு. இங்கே அது கடைசிப் பத்தியில் உடைகிறது.

ஆனாலும் உங்கள் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. ஏனென்றால் அது 'உண்டா, இல்லையா' என்று மட்டும் கேட்கிறது. 'நிலைப்பாடு தெளிவா' என்றால் எழுதியவர் ஆமாம் என்றுதான் சொல்வார், அவர் மனதில் அது தெளிவாகத்தானே இருக்கிறது. அதை மாற்றி இப்படிக் கேளுங்கள்: கேள்வியில் நிபந்தனை போடும் சொல் எது, அதற்கு என் பதில் எந்த வாக்கியத்தில் இருக்கிறது? அந்த வாக்கியத்துக்கு அடியில் கோடு போட்ட பிறகுதான் டிக்.

எழுதி ஒரு நாள் தள்ளித் திருத்துங்கள். அன்றைக்கே படித்தால் எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும். முதல் வேலை, இப்போது எனக்கு எழுதியதுபோல் பத்திக்கு ஒரு வரி தமிழில் எழுதுவது. ஆங்கிலம் விலகியதும் கருத்தில் இருக்கும் ஓட்டை தெரிந்துவிடும்.

நெடுவழி:
சரி, கேள்விக்குப் பதில் சொன்னோமா என்பதைத் தானே பார்க்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நாலு அளவுகோலில் ஒன்றுதானே? இலக்கணம், சொல்வளம், கோர்வை மிச்சம் இருக்கிறது. இலக்கணத்துக்குத் தமிழில் ஒரு வரி எழுதி என்ன பயன்?

அகல்:
இலக்கணத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தெரியாத விதியைப் பட்டியல் காட்டிக்கொடுக்காது, அதற்கு இன்னொரு கண் வேண்டும். ஆனால் நாம் செய்யும் பிழைகளில் ஒரு பெரிய பங்கு, விதி தெரிந்தும் அவசரத்தில் விழுபவை. 'கவர்ன்மென்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' விடுபடுவது, ஒருமை எழுவாய்க்குப் பின் வினையில் 'எஸ்' விடுபடுவது. தமிழில் 'தி'-க்கு வேலையே இல்லை, வினையும் வேறு விதமாக மாறும் என்பதால் கை தானாக விட்டுவிடும். முழுக் கட்டுரையையும் ஒரே மூச்சில் படித்தால் இவை கண்ணில் படாது. கடைசி வாக்கியத்திலிருந்து மேலே போங்கள். முதல் சுற்றில் பெயர்ச்சொற்களை மட்டும் பாருங்கள், அடுத்த சுற்றில் வினைகளை மட்டும். பிறகு பிழையே இல்லாத வாக்கியங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பேண்ட் 7-க்கும் அதற்குக் கீழே உள்ளதற்கும் இருக்கும் வித்தியாசத்தில் ஒன்று, பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றனவா என்பது.

ஆசிரியரிடம் கொடுக்கும் நாலு கட்டுரையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அவர் வட்டம் போட்ட பிழைகளில் இரண்டு முறைக்கு மேல் வருவது எதுவோ, அதுதான் உங்கள் பட்டியலின் அடுத்த வரி. இணையத்தில் கிடைத்த பட்டியல் யாரோ செய்த பிழைகளுக்கானது.

வெண்பனி:
இணைப்புச் சொற்கள்? நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மோர்ஓவர்', 'ஹவெவர்', 'இன் அடிஷன்' என்றுதான் ஆரம்பிக்கிறேன். அதிகம் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அகல்:
அந்த வரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் வெளியிட்டிருக்கும் பேண்ட் விளக்கங்களைப் படித்துப் பாருங்கள்: இணைப்பை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது 5-இல் வருகிறது, இயந்திரத்தனமான இணைப்பு 6-இல் வருகிறது, 9-இல் இணைப்பு மிக அரிதாகத்தான் கண்ணில் படும். சோதிக்கும் வழி சுலபம். அந்தச் சொல்லைக் கையால் மறைத்துப் படியுங்கள். பொருள் அப்படியே நின்றால் அது வேண்டாத சொல். பொருள் அறுந்தால் இருக்கட்டும்.

கடலோடி:
கடைசியில் பேண்ட் எவ்வளவு என்று நாமே போட்டுக்கொள்ளலாமா?

அகல்:
போடவே வேண்டாம். 6-க்கும் 6.5-க்கும் நடுவில் கோடு போடப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். பழைய தாள்கள் வரும் அதிகாரபூர்வப் புத்தகங்களில் பரிசோதகர் குறிப்போடு மாதிரி விடைகள் இருக்கும். குறிப்பை மூடிவைத்து அந்த விடையைத் திருத்துங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். உங்கள் கண் எங்கே ஏமாறுகிறது என்பது அதில் தெரியும்.

வெண்பனி, கார் கேள்வியையே திரும்ப எழுதுங்கள், கடிகாரம் வேண்டாம். ஓரளவுதான் ஏற்கிறேன் என்று ஆரம்பியுங்கள். ஒரு பத்தியில், மையத்தில் தடை ஏன் பலன் தரும். அடுத்ததில், அது மட்டும் ஏன் போதாது: சரக்கு வண்டிகளும் டாக்சிகளும் அங்கேயே இருக்கும், நெரிசல் சுற்றுச் சாலைகளுக்கு நகரும்.

நெடுவழி:
கடிகாரம் வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. தேர்வில் இரண்டு டாஸ்க்குக்கும் சேர்த்து 60 நிமிடம்தான். நேரம் வைக்காமல் வரும் நல்ல கட்டுரை அந்த அறையில் வராது. எத்தனையோ பேர் வீட்டில் அருமையாக எழுதிவிட்டு அங்கே டாஸ்க் 2-ஐ முடிக்காமல் எழுந்து வருகிறார்கள். அதற்குத்தான் இரு மடங்கு மதிப்பு.

அகல்:
முதல் எழுத்துக்கு 40 நிமிடம் இருக்கட்டும். நான் சொல்வது இரண்டாவதை. ஓடிக்கொண்டே புதிய பழக்கம் படியாது.

நெடுவழி:
அந்த நேரத்தில் ஒரு புதுக் கேள்வி எழுதலாம் என்பதுதான் இப்போதும் என் கருத்து.

வெண்பனி:
கார் கேள்வியை இன்று திரும்ப எழுதுகிறேன், நேரம் வைக்காமல். நாளை புதுக் கேள்வி ஒன்று, கடிகாரத்தோடு. இரண்டின் பத்தி வரிகளையும் இங்கேயே போடுகிறேன். நெடுவழி, இரண்டாவதை நீங்கள் பார்ப்பீர்களா?