அரபு வரியில் ஆர்டர் எண் புரள்வது எழுத்துருவின் குற்றமா?

பனியன்கடை (திருப்பூர்): அரபு லேபிளில் எண் முன்பின்னாக வருவது எழுத்துருக் கோளாறுதான். 4021-15 என்பதை 15-4021 என்று தலைகீழாகத் தட்டச்சு செய்யுங்கள், சரியாகிவிடும். பத்து ஆண்டுகளாக நான் அப்படித்தான் செய்கிறேன்.

நொய்யல்கரை (கோவை): இதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது, ஏனெனில் இந்த யோசனையால் கெட்ட கோப்புகளைத் திருத்தும் வேலை என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. வரிசையை முடிவு செய்வது யுனிகோடின் இருதிசை விதிகளே தவிர, எழுத்துரு அன்று. அரபு எழுத்துக்குப் பின்னால் வரும் 4021, 15 இரண்டையும் அவ்விதிகள் அரபு எண்களாகவே நடத்துகின்றன. அப்படிப்பட்ட எண்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் அவை ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சிறுகோடு இருந்தால் ஒட்டாது. ஒட்டாத சிறுகோடு வரியின் போக்கோடு போய்விடுவதால், 4021 வலப்பக்கத்திலும் 15 இடப்பக்கத்திலும் நிற்கின்றன.

அதே எண்ணை அரபுப் பத்தியின் தொடக்கத்திலோ அட்டவணையில் தனிக் கட்டத்திலோ வைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் அரபு எழுத்து இல்லாததால் அது புரளாது. நீங்கள் தலைகீழாக அடித்த 15-4021 அங்கே 15-4021 என்றே தெரியும்.

பனியன்கடை: என் லேபிள்களில் எண் எப்போதும் அரபுச் சொல்லுக்குப் பின்னால்தான் வரும். என் வாடிக்கையாளர் ஒருவர்கூடத் திருப்பி அனுப்பியதில்லை.

சென்னிமலைத்தறி: எங்கள் படுக்கை விரிப்புகளுக்கு ஒருமுறை ஹீப்ரூ லேபிள் அடித்தோம். அதுவும் வலமிருந்து இடமாகச் செல்லும் மொழிதான், ஆனால் சிறுகோடு போட்ட எண் கொஞ்சமும் புரளவில்லை. எனவே பனியன்கடை அண்ணன் சொல்வது போல அரபு எழுத்துருவில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும்.

நொய்யல்கரை: உங்கள் சான்று எனக்கே துணை நிற்கிறது. யுனிகோடில் ஹீப்ரூ எழுத்து ஒரு வகை, அரபு எழுத்து வேறு வகை. எண்ணின் தன்மையை மாற்றும் விதி அரபு எழுத்துக்குப் பின்னால் மட்டுமே செயல்படும்.

இன்னொன்று, பனியன்கடை: நீல நிறத்தின் குறியைச் சேர்த்து 4021-15-NVY என்று அரபுச் சொல்லுக்குப் பின்னால் அடியுங்கள். திரையில் NVY-15-4021 என்று தெரியும். உங்கள் முறைப்படி NVY-15-4021 என்று தலைகீழாக அடித்தாலும் NVY-15-4021 என்றே தெரியும், ஏனெனில் லத்தீன் எழுத்தில் தொடங்குவதால் அது முழுவதும் இடமிருந்து வலமாகவே ஓடும். இதற்கு என்ன செய்வீர்கள்?

பல்லடத்தான்: இவ்வளவு பேச்சு எதற்கு? எண்ணுக்கு முன்னால் U+200E என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது.

நொய்யல்கரை: பாதி முடிந்தது. தனியாக ஓர் ஆர்டர் எண் மட்டும் வந்தால் அது போதும். அதை அடுத்து ஒரு காற்புள்ளி, பிறகு XL என்று அளவு வந்தால் இரண்டும் ஒரே லத்தீன் துண்டாகிவிடும். வலமிருந்து படிப்பவர் முதலில் XL என்பதைத்தான் பார்ப்பார். ஒவ்வொன்றையும் U+2066, U+2069 என்ற கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளுக்கு நடுவே தனித்தனியாக அடைத்தால் ஒன்றின் திசை மற்றொன்றைத் தொடாது. இணையப் பக்கமாக இருந்தால்:

```
<bdi dir="ltr">4021-15-NVY</bdi>
```

பல்லடத்தான்: அந்த இரண்டு குறிகளும் 2013-இல்தான் யுனிகோடுக்கு வந்தன. எங்கள் அச்சகத்தின் பழைய மென்பொருள் அவற்றை வெற்றுக் கட்டங்களாக அச்சிட்டுவிட்டது. U+200E அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

உக்கடம்மொழி: நான் அரபு மொழிபெயர்ப்பாளர். குழந்தை உடையில் 4-6 வயது என்று வரும்போது 4 வலப்பக்கம் நிற்பதே முறை, ஏனெனில் அரபு வாசகர் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார். நொய்யல்கரை சொன்னபடி எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், ஆறிலிருந்து நான்கு வயது வரை என்று அவர் படிப்பார்.

நொய்யல்கரை: எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன், அம்மணி? நான் பேசியது ஆர்டர் எண்ணைப் பற்றி. அதை இறக்குமதியாளர் தம் பட்டியலில் தேடுவார். உள்ளே சேமிப்பில் 15-4021 என்று கிடந்தால் அவருக்கு எதுவும் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் எண்ணை மட்டும் நகலெடுத்து, அரபு இல்லாத வெற்று வரியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் உண்மையில் சேமிக்கப்பட்ட வரிசை.

உக்கடம்மொழி: எது ஆர்டர் எண், எது வயது வரம்பு என்று பிரித்துச் சொல்லாமல் கோப்பை அனுப்புபவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். சென்ற மாதம்கூட விளக்கம் கேட்டு மூன்று முறை எழுதினேன், பதில் வரவில்லை.

நொய்யல்கரை: அந்தக் கோப்பு என்னிடமிருந்து வந்ததில்லை.

பனியன்கடை: எத்தனை விதி சொன்னாலும், வேறு எழுத்துரு போட்டால் சரியாகும் என்றே நான் நினைக்கிறேன்.

நொய்யல்கரை: அப்படியானால் ஒரே வரியை இரண்டு எழுத்துருக்களில் அடித்து, இரண்டு படங்களையும் இங்கே போடுங்கள். சிறுகோட்டை மட்டும் தொடாதீர்கள்.