பிரசவத்துக்குப் பின் காலில் ரத்தக்கட்டி, மூன்று ரிப்போர்ட், மூன்று பதில்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

காவேரிக்கரை

இரண்டாவது பிரசவம் முடிந்து 18-ஆம் நாள். விடிகாலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்தேன், இடது கால் தொடைவரை கனத்துக் கிடந்தது. நரம்புப் பிடிப்பு என்று அம்மா எண்ணெய் எடுத்து வந்தார். அத்தைதான் நீவக் கூடாது என்று தடுத்தார். தையல் டேப்பில் அளந்தபோது வலது கெண்டைக்கால் 33 செ.மீ., இடது 38. அன்று மாலையே டாப்ளர் ஸ்கேனில் தொடை நாளத்தில் கட்டி தெரிந்தது. ஹெப்பாரின் ஊசி ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள், ரத்தம் உறைவதைத் தடுக்கிற புரதங்களைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ஆன்டித்ராம்பின் 66%, புரோட்டீன் சி 88%, புரோட்டீன் எஸ் 34%. "இரண்டு குறைபாடு இருக்கிறது, பரம்பரை வியாதி, ஆயுள் முழுக்க மாத்திரை" என்றார்கள். என் அக்காவுக்கும் பார்க்கச் சொன்னார்கள்.

நாலு மாதம் கழித்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த அசிட்ரோம் மாத்திரையில் இருக்கும்போது மறுபடி பார்த்தோம். ஆன்டித்ராம்பின் 101%, தானாகவே சரியாகியிருந்தது. ஆனால் நன்றாக இருந்த புரோட்டீன் சி 41-க்கு இறங்கிவிட்டது, எஸ் 29. பிறவிக் குறைபாடு என்றால் இப்படி இடம் மாறுமா? அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மூன்றாவது ரிப்போர்ட்டும் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

வேப்பங்கிளை

புரோட்டீன் குறைவு என்றால் எனக்கும் சொன்னார்கள் அக்கா. முட்டை வெள்ளையும் பயறும் சேர்த்தேன், ஆறு மாதத்தில் ஏறிவிட்டது. பால் கொடுக்கும்போது உடம்பு கரையும், நன்றாகச் சாப்பிடுங்கள்.

காவேரிக்கரை

அது வேறு தங்கச்சி. உங்களுக்குப் பார்த்தது மொத்த புரோட்டீனாக இருக்கும். இது ரத்தம் உறைவதைத் தடுக்கிற தனிப் புரதம், பெயர்தான் அப்படி.

தெற்குவீதி

சி, எஸ் இரண்டையும் கல்லீரல் செய்ய வைட்டமின் கே வேண்டும். கே குறைந்தால் இரண்டும் குறையும். கீரை நிறையச் சாப்பிட்டால் ஏறும். என் மாமனாருக்கு அப்படித்தான் செய்தோம்.

நீலமூடி

20 வருடமாக ரத்த உறைதல் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தெற்குவீதி சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் அசிட்ரோம் சாப்பிடுகிறவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் புரதம் ஏறுகிறதோ இல்லையோ, ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் இறங்கும், மருந்து பலிக்காது. தினமும் ஒரே அளவு கீரை என்றால் பரவாயில்லை.

காவேரிக்கரை அம்மா, உங்கள் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மருந்து எதை இறக்கியது என்று அப்படியே எழுதியிருக்கிறது. ஹெப்பாரின் தானாக எதையும் தடுப்பதில்லை. ஆன்டித்ராம்பினைப் பிடித்து அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையில் ஆன்டித்ராம்பின் செலவாகிக்கொண்டே இருக்கும். புதுக் கட்டியும் கொஞ்சம் தின்னும். அதனால் மூன்றாம் நாள் 66. ஊசி நின்றதும் 101.

அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுக்கும். உறைய வைக்கிற காரணிகள் குறையட்டும் என்றுதான் கொடுக்கிறோம், கூடவே சி, எஸ் இரண்டும் இறங்கிவிடும். அதனால்தான் நாலாம் மாதத்தில் சி 41. ஆன்டித்ராம்பினுக்கு வைட்டமின் கே தேவையில்லை, அது தப்பித்தது.

முதல் ரிப்போர்ட்டில் எஸ் 34 ஏன் என்கிறீர்களா? அப்போது நீங்கள் பிள்ளை பெற்று மூன்று வாரம். கர்ப்பத்தில் எஸ் பாதிக்கும் கீழே போவது சாதாரணம், பிரசவமான மறுநாளே மேலே வந்துவிடாது. எஸ்-இல் பெரும்பகுதி இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் இருப்பதுதான் வேலை செய்யும், அதனால் "ஃப்ரீ" என்று போட்ட எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மொத்த அளவை மட்டும் பார்த்து முடிவு சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாம்பிளோடு வரும் சீட்டில் என்ன மருந்து, கர்ப்பமா, எத்தனாம் நாள் என்று எழுதியே வராது. நாங்கள் போன் பண்ணிக் கேட்டால் கோபப்படுகிறார்கள். எனக்குத் தீராத வருத்தம் இது.

மணல்மேடு

நிஜமாகவே சி குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்று என் அப்பாவிடம் பார்த்தேன். அவருக்குக் காலில் கட்டி வந்தபோது ஊசி போடாமல் நேராக வார்ஃபரின் மாத்திரை, அதுவும் கூடுதல் டோஸில் ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு, தொட்டாலே கத்தினார். மறுநாள் அது கருநீலமாகி நடுவில் கொப்புளம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றி, மாத்திரையை நிறுத்தி, வைட்டமின் கே-யும் ஹெப்பாரினும் கொடுத்தார்கள். தோல் ஒட்டுப் போட்டுத்தான் ஆறியது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தே எப்படி உறைய வைத்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நீலமூடி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. ரத்தத்தில் புரோட்டீன் சி-யின் ஆயுள் குறைவு, ஏழெட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். உறைய வைக்கிற புரோத்ராம்பின் பாதியாக இரண்டரை நாள் ஆகும். மாத்திரை உள்ளே போனதும் முதலில் தேய்வது தடுக்கிற கைதான், தள்ளுகிற கை இன்னும் பலமாக இருக்கும். அப்பாவுக்கு ஏற்கெனவே சி பாதிதான் இருந்திருக்கும், மாத்திரை அதையும் துடைத்துவிட்டது. தோலின் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபடும். தொடை, மார்பு, பிட்டம் என்று கொழுப்புள்ள இடத்தில்தான் பெரும்பாலும் வரும்.

அதனால்தான் ஊசியும் மாத்திரையும் குறைந்தது ஐந்து நாள் சேர்ந்தே ஓட வேண்டும், ஐஎன்ஆர் 2-ஐத் தொட்டு ஒரு நாள் நின்ற பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். மூன்றாம் நாளே ஐஎன்ஆர் ஏறிவிட்டது என்று நம்பக் கூடாது. ஏழாம் காரணியின் ஆயுளும் குறைவு, அது தேய்ந்ததைத்தான் அந்த எண் காட்டுகிறது.

ஆலங்குளம்

எங்கள் வீட்டில் உண்மையான ஆன்டித்ராம்பின் குறைபாடு. பாட்டிக்கு, சித்தப்பாவுக்கு, எனக்கு. 27 வயதில் எனக்கு நுரையீரலில் கட்டி. ஹெப்பாரினை டிரிப்பில் ஏற்றுகிறார்கள், ஏற்றுகிறார்கள், ஹெப்பாரின் வேலை செய்கிறதா என்று காட்டும் ஏபிடிடி அசையவே இல்லை. ஒரு பயிற்சி டாக்டர்தான் "ஹெப்பாரின் பிடிக்க ஆன்டித்ராம்பின் இருக்கிறதா பாருங்கள்" என்றார். 48% வந்தது. மருந்தையெல்லாம் முடித்த பிறகும் பார்த்தோம், 51. எங்களுக்கு எப்போது பார்த்தாலும் அந்தப் பாதிதான், உங்களுக்கு மாறியது போல மாறியதே இல்லை.

காவேரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவதைச் சொல்லிவிடுகிறேன். 14 மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு வேறு ரத்தநோய் மருத்துவரிடம் போனேன். முதலில் தேதிகளைத்தான் கேட்டார், எண்களைப் பிறகு பார்த்தார். பிரசவத்தை ஒட்டி வந்த கட்டிக்கு வேண்டிய சிகிச்சைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லி, அவரே மாத்திரையை நிறுத்தி, ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார். ஆன்டித்ராம்பின் 104, சி 97, ஃப்ரீ எஸ் 71. மூன்றும் சரி. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

அக்காவுக்கு இந்த ஒன்றரை வருடத்தில் ஒரு நல்ல வரன் "பரம்பரை வியாதி" என்ற பேச்சில் தட்டிப்போயிருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. எண்கள் சரி என்றால் அடுத்த கர்ப்பத்தில் ஊசி வேண்டாமா?

தெற்குவீதி

எல்லாம் நார்மல் என்றால் எதற்கு ஊசி?

நீலமூடி

அப்படி விட முடியாது. ஒரு தடவை கட்டி வந்த உடம்பு, அதுவும் பிரசவத்தை ஒட்டி வந்தது. அந்தச் சரித்திரம் ஒன்றே போதும், ஊசி பற்றிப் பேச. எண் நார்மல் என்பதால் அது அழியாது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் உங்களுக்கு வேண்டாம். கர்ப்பம் முழுக்கவா, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் மட்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே உங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மணல்மேடு

அப்பாவுக்கு சி 46%. எனக்கு 31 வயது, இதுவரை ஒன்றும் வரவில்லை. நான் பார்க்கட்டுமா, வேண்டாமா?

ஆலங்குளம்

என் தம்பி பார்க்க மாட்டேன் என்கிறான். பார்த்தால் நீளப் பயணத்திலும் ஆபரேஷனிலும் முன்கூட்டியே ஊசி போடலாம் என்று நான் சொல்கிறேன். "தெரிந்தால் தினமும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்கிறான். அவனை நான் கட்டாயப்படுத்தவில்லை.