ஒரு குக்கர், இரண்டு ரப்பர்

ஊட்டி மருமகள்:
கல்யாணமாகி மூன்று வருடம். நான் சைவம். அவருக்குக் கறி இல்லாத ஞாயிறு, ஞாயிறே இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பும் லேசில் வேகாது, கறியும் வேகாது. சண்டை வந்ததும் அந்தக் குக்கரால்தான்.

திங்கட்கிழமைப் பருப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கறி மணக்கும். மூன்று தடவை தேய்த்தும் போகவில்லை. "உன் மனசுலதான் வாசனை" என்றார். ஒருநாள் மூடியிலிருந்த ரப்பரைக் கழற்றி அவர் மூக்கருகே நீட்டினேன். பதிலே பேசாமல் சாயங்காலம் இன்னொரு ரப்பர் வாங்கி வந்தார். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன், அந்த இடுக்கில் ஆவி போய்விட்டது! இப்போது இரண்டும் தனித்தனி ஆணியில் தொங்குகின்றன.

தீபாவளிதான் பெரிய சோதனை. மாமியார் வீட்டில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் இட்லி, கறிக்குழம்பு. "கறி வேண்டாம்மா, குழம்பு மட்டும் ஊத்திக்கோ" என்பார் அத்தை. பாசம்தான், ஆனால் நான்கு பேர் எதிரில் மறுக்க நாக்கு வராது. போன வருடம் என் வீட்டுக்காரரே முந்திக்கொண்டு, "அவளுக்கு நான் சாம்பார் வெச்சிருக்கேன்மா" என்றார். கறிக்கு முன்னாலேயே, அதே குக்கரில், என் ரப்பர் போட்டு வைத்த சாம்பார். அத்தை முகம் வாடியது. ஆனாலும் என் இரண்டாவது இட்லிக்கு அத்தையே சாம்பார் ஊற்றினார்.

கொடைக்கானல் குமார்:
இரண்டு ரப்பர் வீண் செலவு. எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை சுத்தமாகப் போய்விடும்.

மெஸ் அக்கா, குன்னூர்:
பாத்திரத்துக்குச் சரி தம்பி. ரப்பர் கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாசனை குறையுமே தவிர முழுசாகப் போகாது. பழகிய இரும்புத் தோசைக்கல்லும், மண்சட்டியும், மர அகப்பையும் அப்படித்தான். எவர்சில்வரை நன்றாகத் தேய்த்தால் இருவருக்கும் போதும். அப்புறம் மருமகளே, வெயிட் உட்காரும் குழாயை ஊசி விட்டுக் கழுவு, அதிலும் கொழுப்பு தங்கும். ரப்பர் அதே குக்கருக்கு உரியதாக இருக்கட்டும். அளவு மாறினால் ஆபத்து.

கோத்தகிரி ராணி:
ரப்பர் தளர்ந்து விசில் வரவில்லையா? எங்கள் வீட்டில் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைப்போம், இறுகிவிடும்.

ஊட்டி மருமகள்:
ராணி அக்கா, விசில் நன்றாகவே வருகிறது!

மெஸ் அக்கா, குழாயை இன்றே பார்க்கிறேன். இன்னொன்று கேட்கணும். குளிருக்கு ஜன்னலை மூடிவிட்டு மீன் பொரித்தால், உள்ளே காயும் துணியெல்லாம் மீன் வாசம். வெளியே அடுப்பு வைக்கலாம் என்றேன். "இந்தக் குளிரிலா?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

மெஸ் அக்கா, குன்னூர்:
நானும் அதில் தோற்றவள்தான் கண்ணு. மீன் அன்றைக்குத் துணி துவைப்பதில்லை.