உதவி: ரெஸ்யூமேயின் சுருக்கத்தை ஒரு விளம்பரத்துக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

மலர்_கணக்கு: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் தருகிறேன். என் பொதுச் சுருக்கம் இது: "5 ஆண்டு அனுபவமுள்ள கடின உழைப்பாளி. டேலி, எக்செல், ஜிஎஸ்டி, டிடிஎஸ், பேரோல் தெரியும்."

விளம்பரத்தின் முதல் வரி: "சப்ளையர் பில்களை GSTR-2B உடன் ஒப்பிட்டு, உள்ளீட்டு வரியைத் தவறாமல் பெறும் திறன் வேண்டும்." அடுத்த வரியில் டையிங், நிட்டிங் ஜாப் வொர்க் பில்கள். மூன்றாவது மாதக் கணக்கை முடிப்பது. தகுதிப் பகுதியிலும் 2B வருகிறது. கடைசி வரியில் "நேர்முகத்தில் 2B பயிற்சித் தேர்வு உண்டு". பேரோல் எங்கேயும் இல்லை.

அந்த வரிகளையே எடுத்து "GSTR-2B உடன் ஒப்பிட்டு உள்ளீட்டு வரியைத் தவறாமல் பெறும் திறன் உள்ளவர்" என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் அவர்கள் விளம்பரம் மாதிரியே இருக்கிறது. என்ன செய்யலாம்?

வேகமான_விரல்: அப்படியே விடுங்க. இப்போ சாஃப்ட்வேர்தான் முதலில் படிக்கும். விளம்பரத்தில் உள்ள வார்த்தை எத்தனை வருதோ அத்தனை நல்லது.

தணிக்கை_சேகர்: பாதி சரி. சாஃப்ட்வேரோ ஆளோ தேடுவது பெயர்களை: GSTR-2B, டேலி பிரைம், ஜாப் வொர்க். இவற்றை மாற்றாதீர்கள், "வரி ஒப்பீடு" என்று மட்டும் எழுதினால் 2B என்று தேடுபவர் கண்ணில் படமாட்டீர்கள். ஆனால் வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும். "தவறாமல் பெறும் திறன்" என்பதை 2B பக்கத்தையே திறக்காதவரும் எழுதிவிடலாம்.

மலர், 2B மூன்று இடத்தில் வருவதும், அதற்கே தேர்வு வைப்பதும் அவர்களுக்கு வலி எங்கே என்று காட்டுகிறது. சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான GSTR-1 போடாவிட்டால் அந்த பில் நம் 2B பட்டியலில் வராது. வராத பில்லுக்கு அந்த மாதம் வரி வரவு எடுக்க முடியாது, பணம் முடங்கும். ஆகவே முதல் வாக்கியம் அதற்கே போகட்டும். மாதம் எத்தனை பில், எத்தனை சப்ளையர், வராத பில்லுக்கு என்ன செய்கிறீர்கள்?

மலர்_கணக்கு: ஹார்டுவேர் மொத்த வியாபாரம் சார். சுமார் 180 பில், 40 சப்ளையர். வராத பில்லுக்குப் போன் போட்டுக் கேட்பேன்.

தணிக்கை_சேகர்: எந்தத் தேதியில் கேட்பீர்கள்? மாதாமாதம் போடுபவர்களுக்கு GSTR-1 கெடு 11. 2B வருவது 14. 14-க்குப் பிறகு கேட்டால், தாமதமாகப் போட்ட பில் அடுத்த மாத 2B-யில்தான் வரும். நேர்முகத்தில் இதை நிச்சயம் தோண்டுவார்கள்.

மலர்_கணக்கு: 8, 9 தேதிகளில் பெரிய சப்ளையர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு 14-க்குப் பிறகுதான்.

தணிக்கை_சேகர்: அப்படியானால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்:

"மொத்த வியாபாரத்தில் 5 ஆண்டாகக் கொள்முதல் கணக்கு. மாதம் சுமார் 180 சப்ளையர் பில்களை GSTR-2B-யில் சரிபார்க்கிறேன். பெரிய சப்ளையர்களிடம் 11-ஆம் தேதிக்கு முன்பே பேசிவிடுவதால் விடுபடும் பில்கள் குறைகின்றன. மாதக் கணக்கை டேலி பிரைமில் நானே முடிக்கிறேன்."

பேரோலும் டிடிஎஸ்ஸும் கீழே திறன் பட்டியலுக்குப் போகட்டும். "கடின உழைப்பாளி" வேண்டாம். பிறகு சுருக்கத்தையும் விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர்களைத் தவிர நான்கு சொல் தொடர்ந்து ஒத்துப்போனால் அந்த இடத்தை மாற்றுங்கள்.

புதுமுகம்_22: நான் பி.காம் முடித்து வேலை தேடுறேன். எனக்கு 180 பில் கணக்கெல்லாம் இல்லையே, முகப்புக் கடிதத்தில் என்ன எழுதுறது?

தணிக்கை_சேகர்: தம்பி, அது கடிதத்தைப் பற்றிய கேள்வி, தனி இழையாகப் போடுங்கள். சுருக்கத்துக்கு என்றால், பயிற்சியில் கையால் செய்த ஒன்றை எண்ணோடு எழுதுங்கள்.

மலர்_கணக்கு: ஜாப் வொர்க் எனக்குத் தெரியாதே? இரண்டாவது வரியாகப் போட்டிருக்கிறார்களே.

வேகமான_விரல்: "ஜாப் வொர்க் அறிவு உண்டு" என்று ஒரு வார்த்தை போட்டுடுங்க.

தணிக்கை_சேகர்: கூடாது. ஜாப் வொர்க்குக்கு உரிய ITC-04 படிவம் எதற்கு என்ற ஒரு கேள்வியில் பிடிபடுவார்.

நூல்_அக்கா: அதற்காகக் காலியாக விட வேண்டியதில்லை மலர். டெலிவரி சலான், இ-வே பில் போட்டிருந்தால் அதை எழுதலாம். டையிங்குக்குத் துணி அனுப்பும்போதும் சலான்தான் போடுகிறோம், படிப்பவருக்குத் தொடர்பு தெரிந்துவிடும்.

தணிக்கை_சேகர்: சுருக்கத்தில் அது 2B-யின் இடத்தைத் தின்றுவிடும் என்று எனக்குப் படுகிறது. அனுபவப் பகுதியில் போடுவேன்.

நூல்_அக்கா: விளம்பரத்தின் இரண்டாவது வரிக்குப் பதிலே இல்லாத சுருக்கத்தை நான் அனுப்ப மாட்டேன். ஆறு சொல்தானே.

மலர்_கணக்கு: இ-வே பில் வாரத்தில் 15 வரை நானேதான் போடுகிறேன். இரண்டு மாதிரியும் எழுதிப் பார்த்துவிட்டு இரவு இங்கே போடுகிறேன்.