சந்திப்பைத் தவறவிட்டேன், இந்தச் செய்தி சரியா?

வணக்கம். இன்று புதன், காலை 10 மணிக்குக் கருவாடு வாங்கும் வியாபாரி ஒருவர் ராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்கு வந்து எனக்காக அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். நான் அதை நாளைக்கு என்று குறித்துவைத்துவிட்டேன். 11 மணிக்குத்தான் தெரிந்தது. உடனே அழைத்தேன், எடுக்கவில்லை. மாலைக்குள் அவர் வேறு ஆளிடம் போய்விடுவாரோ என்று பதறுகிறது.

அனுப்ப எழுதியது இது:

"ஐயா, இன்று வராதது என் தவறு. தேதியை மாற்றிக் குறித்துவிட்டேன். உங்களை வீணாக அலைய வைத்ததற்கு மன்னிக்கவும். நாளை மாலை 4 மணிக்கோ வெள்ளி காலை 11 மணிக்கோ மாதிரிக் கருவாட்டுடன் நானே உங்கள் கடைக்கு வருகிறேன். எது வசதி? இரண்டும் ஒத்துவராவிட்டால் நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வருகிறேன்."

முதலில் மழை, பஸ் என்று நான்கு வரி எழுதி அழித்துவிட்டேன். காரணம் நீண்டால் சாக்காகத் தெரிகிறது. "எப்போது வரட்டும்" என்று மட்டும் கேட்டால் யோசிக்கும் வேலை அவர் தலையில் விழும் என்பதால்தான் இரண்டு நேரம் கொடுத்தேன்.

வியாபாரம் செய்யும் அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள்: இதை இப்போதே அனுப்பட்டுமா, மறுபடி அழைத்துப் பேசிவிட்டு அனுப்பட்டுமா? அவருடைய பஸ் செலவைத் தருகிறேன் என்று சேர்த்தால் தவறாக எடுத்துக்கொள்வாரா?