ஆப்ஷன் விற்க எந்தப் பங்கு? வடிகட்டும் முறை பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என்எஸ்இ பங்கு ஆப்ஷன்களில் மாதாந்திர ஸ்ட்ராங்கிள் விற்கப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கிறேன். முதலில் பார்ப்பது பிட், ஆஸ்க் இடைவெளி. ஓர் உதாரணம்: பிட் 10.50, ஆஸ்க் 13.50, லாட் 500 என்று வைப்போம். நடு விலை 12, ஆகவே பிரீமியம் 6,000 ரூபாய் போலத் தெரியும். ஆனால் விற்கும்போது 1.50, திரும்ப வாங்கும்போது 1.50 போனால் 1,500 ரூபாய் காலி. அதாவது கால் பங்கு. ஓபன் இன்ட்ரஸ்ட் பெரிதாக இருந்தும் இப்படி நடக்கிறது, அவை பழைய பொசிஷன்களாக இருக்கலாம். அதனால் நான் விற்கும் ஸ்ட்ரைக்கிலேயே அன்றைய வால்யூமையும் பார்க்கிறேன். பங்கு ஆப்ஷன்கள் டெலிவரியில் முடிவதால், எக்ஸ்பைரி வாரத்தில் ஸ்ட்ரைக் இன்-த-மனி ஆகி, வெளியேற ஆளும் இல்லாவிட்டால் முழுத் தொகைக்கும் பங்கை எடுக்கவோ கொடுக்கவோ வேண்டிவரும்.

பீட்டா 0.7 உள்ள பங்கும் ரிசல்ட் அன்று 8% தாவலாம். பீட்டா சந்தையோடு சேர்ந்த அசைவை மட்டுமே காட்டும். அதனால் ரிசல்ட் தேதி எக்ஸ்பைரிக்கு முன் வரும் பங்குகளை விட்டுவிடுகிறேன்.

சிக்கல் இங்கேதான். டிசம்பர் காலாண்டு முடிவுகளுக்குப் பிப்ரவரி 14 வரை கெடு இருக்கிறது. போர்டு மீட்டிங் அறிவிப்போ சில நாட்களுக்கு முன்புதான் வருகிறது. ஜனவரி தொடக்கத்தில் விற்கும்போது தேதியை எப்படிக் கணிக்கிறீர்கள்? முந்தைய ஆண்டுகளின் தேதி போதுமா? இடைவெளிக்குப் பிரீமியத்தில் எத்தனை சதவீதம் வரை அனுமதிக்கிறீர்கள்?