புதுப்பிப்பு: கிராவல் நிரப்பு 95 சதவீதத்தைத் தாண்டிவிட்டது

என் கேள்வி: "ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் அடர்த்தி 93 சதவீதத்திலேயே நிற்கிறது, ஏன்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஈரத்தைப் பார்க்கச் சொன்ன ஆய்வகக்காரர் சொன்னதுதான் சரி. ஆய்வகத்தில் மண்ணை இடித்துப் பார்க்கும் பிராக்டர் சோதனையில் அதிகபட்ச உலர் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.92 கிராம், உகந்த ஈரம் 12 சதவீதம். களத்தில் மண் 8 சதவீதத்தில் காய்ந்து கிடந்தது. குழி தோண்டி மணல் நிரப்பி அளக்கும் மணல் மாற்று முறையில் ஈர அடர்த்தி 1.92, அதை 1.08ஆல் வகுத்தால் உலர் அடர்த்தி 1.78தான், அதாவது பிராக்டர் அதிகபட்சத்தில் 93 சதவீதம்.

மேல் அடுக்கைக் கிளறி, தண்ணீர் தெளித்து, இரவு ஊறவிட்டு ஓட்டினோம். ஈர அடர்த்தி 2.08, உலர் அடர்த்தி 1.865, அதாவது 97 சதவீதம். ரோலர் சுற்றைக் கூட்டச் சொன்னவர் பாதி சரி. காய்ந்த மண்ணில் அது எடுபடவில்லை. வீட்டு அடித்தள மணலைப் பற்றிக் கேட்டவருக்கு: மணல் வேறு கதை, தனி இழை போடுங்கள்.

எதிர்பாராதது, கார்பைடு ஈரமானி. அது ஈர எடையில் சதவீதம் காட்டுகிறது, நமக்கு வேண்டியது உலர் எடையில். 10.3 என்று காட்டினால் 10.3-ஐ 89.7ஆல் வகுக்க வேண்டும்; உண்மையில் 11.5 சதவீதம்.

ஒரு குழியில் மட்டும் அடர்த்தி 101 சதவீதம் வந்தது. பெரிய கல் இருந்தது. கல்லுக்காகக் கணக்கில் திருத்தம் போடலாமா என்று மேற்பார்வைப் பொறியாளரோடு இன்னும் வாக்குவாதம்தான்.